கைமெஷினும் பதினொன்றாம் நம்பர் ஊசியும்

மீரா சாகிப் காரைக்கால் கடைத்தெருவில் தையல் மெஷின் விற்றுவந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் மெஷினைக் கட்டிக் கொடுக்கும் நேரத்தில் அவருக்கு ஒரு வேகம் வந்துவிடும். உறை, கத்தரி, எண்ணெய், நூல்கண்டு, அளவு நாடா என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்புவார்.

அந்த ஆவணியில் குரும்பகரத்து லோகாம்பாள் ஒரு கைமெஷினைத் தேர்ந்தெடுத்து, பணத்தையும் முந்தானையிலிருந்து அவிழ்த்துவிட்டாள். மீரா சாகிப் ஏழாவது சாமானை எடுத்து வைத்தபோது அவள் முகம் சுருங்கியது. வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி, பணத்தை மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டில் அவருக்கு மனம் செல்லவில்லை. மனைவி ஆரிபா விசாரித்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"அவங்க என்ன தைக்கப் போறாங்கன்னு கேட்டீங்களா மச்சான்?"

கேட்கவில்லை.

"கேக்காம ஏழு சாமான வச்சா, ஏமாத்துறாருன்னுதான் தோணும். தேவையானது ஒண்ணு இருந்தாலும் அந்தக் கும்பல்ல காணாமப் போயிடும்."

பத்து நாள் கழித்து லோகாம்பாள் திரும்ப வந்தாள். இந்தமுறை புருஷன் காத்தமுத்துவும் கூட வந்திருந்தார். மெஷின் மட்டும் போதும், வேறெதுவும் காட்ட வேண்டாம் என்று அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். மீரா சாகிப் சரி என்று தலையாட்டி, லோகாம்பாளிடம் என்ன தைக்கப் போகிறாள் என்று கேட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மெல்லிய வாயில் துணியில் ரவிக்கை என்றாள்.

மெஷினைக் கட்டும்போது கை அலமாரிப் பக்கம் போனது. ஒரேயொரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பியது.

"இதுல பதினாறாம் நம்பர் ஊசி மாட்டியிருக்கு தங்கச்சி. கனத்த துணிக்கு அதுவே நல்லாருக்கும். வாயில் துணியில ஓட்டை விழும். அதுக்குப் பதினொண்ணு வேணும். இப்ப வாங்கினாலும் சரி, தச்சுப் பாத்துட்டு அப்புறம் வந்தாலும் சரி."

அவ்வளவுதான் சொன்னார். காத்தமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு ஊசி வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து வந்து எண்ணெய் போட்டுத் தருவதாகவும், அதற்குக் கூலி இல்லை என்றும் மீரா சாகிப் சொன்னபோது காத்தமுத்து முழுசாக நம்பவில்லை.

சொன்னபடி ஒரு காலையில் சைக்கிளில் குரும்பகரம் போனார். பையில் ஒரு புதுக் கத்தரியும் இருந்தது. மெஷினுக்குப் பக்கத்திலேயே லோகாம்பாளின் கத்தரி, சாணை பிடித்துப் பளபளவென்று கிடந்தது. தன் கத்தரியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

எண்ணெய் போட்டதும் ஒரு ரவிக்கைக் கையை மெஷினில் ஓட்டிக் காட்டச் சொன்னார். அவளுடைய வலது கை பிடியைச் சுற்றியது. வளைவில் துணியைத் திருப்ப இடது கை ஒன்றுதான் மிச்சம். தையல் அங்கே கோணிக்கொண்டு போனது. அவள் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மீரா சாகிப் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"என்னவோ சொல்ல வந்தீங்க பாய்," என்றாள் லோகாம்பாள்.

"வாரத்துக்கு எத்தன ரவிக்க வருது?"

முன்பு இரண்டு வந்தது, தீபாவளி நெருங்குவதால் இப்போது பத்துப் பன்னிரண்டு வருகிறது என்றாள். பிரித்துத் தைப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறதாம்.

"ரெண்டுன்னா இதுவே போதும்னு சொல்லியிருப்பேன்," என்றார். "பன்னெண்டுன்னா, கால்ல மிதிக்கிற ஸ்டாண்டு ஒண்ணு இருக்கு. இந்த மெஷினையே அதுல ஏத்தலாம். கைப்பிடியக் கழட்டிட்டு, சக்கரத்துக்குத் தோல் வார் மாட்டணும். ரெண்டு கையும் துணி மேல இருக்கும். தீபாவளிக்கப்புறம் வேல கொறைஞ்சிடும்னா வேணாம்."

குறையாது என்றாள் லோகாம்பாள். தை முழுக்கக் கல்யாணம் இருக்கிறது. அதுவரை தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த காத்தமுத்து, ஸ்டாண்டை வண்டியில் ஏற்றிவர என்றைக்கு வரலாம் என்று அவரே கேட்டார். வேறு ஏதாவது வேண்டியிருக்குமா என்றும் கேட்டார். ஸ்டாண்டோடு வார் வரும், வேறொன்றும் வேண்டாம் என்றார் மீரா சாகிப். மோர் குடிக்க வைத்துத்தான் அவரை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆரிபா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கோணிப்போன தையலை அந்தப் பெண் உடனே பிரித்தாளா என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போய், பெருநாளைக்கு வாங்கி வைத்திருந்த பச்சை வாயில் துணியையும் ஒரு பழைய அளவு ரவிக்கையையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஸ்டாண்டு மாட்டப் போறப்ப குடுங்க. கை கொஞ்சம் நீளமா இருக்கணும்னு சொல்லுங்க."