பச்சைக்கு வெளியே நின்ற டிம்மி

லோர்னாவுக்கு இருபது மாதமாக ஒரே ஆசைதான். தம்பி டேரல் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முழந்தாளிட்டபோதுகூட அவள் வேறெதையும் கேட்கவில்லை.

கனடாவில் டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போன ஊர் டிரம்ஹெல்லர். அங்கே டைனோசர் பெயரைச் சொல்லிப் பிழைக்காத குடும்பம் குறைவு. அக்காளும் தம்பியும் சேர்ந்துதான் பொம்மை வியாபாரம் தொடங்கினார்கள். சாந்துக் கட்டிக்குள் ஒரு சின்ன எலும்புக்கூட்டைப் புதைத்து, கூடவே உளியும் தூரிகையும் வைத்துக் கொடுத்தால் பிள்ளை தானே உடைத்து எடுக்கும். அருங்காட்சியகத்தில் பதினோரு வருடம் வழிகாட்டியாக இருந்த லோர்னா, அந்த விலங்கைப் பற்றிய அட்டையை எழுதினாள். டேரல் விற்றான். விற்பனை சூடு பிடித்ததும் முதலில் அட்டை போனது, அடுத்து லோர்னா போனாள். ஒரு திங்கட்கிழமை பட்டறைக்குப் போனால் பூட்டையே மாற்றி வைத்திருந்தான். கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது!

அவள் இருந்த இடத்தில் டிம்மி வந்து உட்கார்ந்தது. முதுகில் விசிறி விரித்த ஆரஞ்சு நிற விலங்குப் பொம்மை. எல்லாப் பெட்டியின் மேலும் அதன் படம், கீழே பெரிய எழுத்தில் 'உண்மையான டைனோசர்!'

அந்த வருடம் அக்டோபரில் நன்றி கூறும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் அவள் மனசு கேட்காமல் சொன்னாள்: "டேரல், அது டைமெட்ரோடான். டைனோசரே இல்லடா. டைனோசர் தலைகாட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே அழிஞ்சுபோனது. சொல்லப்போனா பல்லியவிட நமக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம்."

"உனக்குச் சொந்தமா இருக்கும், முகஜாடை தெரியுது," என்றான் டேரல். மேசையைச் சுற்றி இருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள். "பார்க்க ஜோரா இருக்குல்ல, அது போதும். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும்? உன் அட்டையப் படிச்சா அதுக்குக் கொட்டாவிதான் வரும்."

அவனுடைய மனைவி ஷானா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லோர்னா தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இதற்குப் பதிலை அவன் பெற்ற பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பது என்று.

பிள்ளை எம்மெட்டுக்கு இந்த ஜூனில் ஆறு முடிகிறது. டைனோசர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எண்பது பொம்மை வைத்திருந்தான், எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுச் சண்டை மூட்டுவான். அத்தை சொன்னால் அது வேதவாக்கு. ஏனென்றால் அத்தை அவனிடம் ஒருநாளும் இல்லாததைச் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்வாள். ஊரில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு அவன்தான். பூட்டு மாற்றிய பிறகும் வாரத்துக்கு ஒருமுறை அவள் அந்த வீட்டுப் படி ஏறியது அவனுக்காகத்தான்.

அவன் பிறந்தநாள் விருந்துக்கு ஹால்வர்சன் அம்மாள் வருகிறாள் என்ற செய்தி அவன் வாய்வழியாகத்தான் வந்தது. அவள் மகள் எம்மெட்டின் வகுப்பு. அம்மாளோ மூன்று மாகாணத்து அருங்காட்சியகக் கடைகளுக்குச் சரக்கு தேர்ந்தெடுப்பவள். டிம்மியை அந்தக் கடைகளில் ஏற்ற டேரல் ஒரு வருடமாக அவள் பின்னால் அலைகிறான். லோர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

பரிசைச் செய்ய மூன்று வாரம் எடுத்தாள். மூன்று மீட்டர் நீளக் காகிதச் சுருள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வருடம். ஆறு வயதுக்கு லட்சமும் கோடியும் ஏறாது, கையால் தொட்டு நகர்த்தினால் ஏறும். அதனால் பத்து சென்டிமீட்டர் குச்சி ஒன்றும் அறுத்து வைத்தாள். சுருளின் ஒரு முனையில் 'இன்று'. அங்கிருந்து அறுபத்தாறாவது சென்டிமீட்டரில் தொடங்கி இருநூற்று முப்பது வரை பச்சை வண்ணம், அது டைனோசர் காலம். பிறகு பத்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு, அது நிற்க வேண்டிய எண். பத்தாவது அட்டையில் டைமெட்ரோடான், இருநூற்று எண்பது. அதை வரையும்போது மட்டும் விசிலடித்தாள்.

சனிக்கிழமை மதியம் டேரல் வீட்டுப் பின்கட்டு மரத்தளத்தில் பிள்ளைகள் கூடினார்கள். டேரல் டிம்மி பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, ஹால்வர்சன் அம்மாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும்படி வைத்திருந்தான்.

"என்னக்கா, மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்றான் சுருளைப் பார்த்து.

"விளையாட்டுதான்டா. பாரேன்," என்றாள் லோர்னா.

எம்மெட் சுருளை விரித்தான். குச்சியைப் புரட்டிப் புரட்டிப் பத்து, இருபது என்று எண்ணிக்கொண்டே போனான். டி-ரெக்ஸ் பொம்மை அறுபத்தேழில் நின்றது. முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசாரஸ் நூற்றைம்பதில். பையன் இரண்டுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து முன்னும் பின்னும் பார்த்தான்.

"அத்தை! இவங்க ரெண்டு பேரும் சண்டையே போட்டிருக்க முடியாது! டி-ரெக்ஸ் அதுகிட்ட இருக்கிறதவிட நம்மகிட்டதான் பக்கத்துல இருக்கு!"

கொட்டாவி ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் குச்சிக்காக அடித்துக்கொண்டார்கள். ஹால்வர்சன் அம்மாள் எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டுப் பார்க்க வந்தாள்.

பத்தாவது அட்டை வந்தது. "ஹேய், டிம்மி!" என்று பெட்டிக் கோபுரத்தின் உச்சியில் நின்ற டிம்மி பொம்மையை எடுத்துவந்தான் எம்மெட். குச்சி புரண்டது. பச்சை முடிந்தது. குச்சி மேலும் ஐந்து முறை புரண்டது. பொம்மை வெறும் வெள்ளைக் காகிதத்தில் தனியாக நின்றது.

"அப்பா," என்றான் உரக்க. "டிம்மி வெளியில நிக்குது. டிம்மி டைனோசர் இல்ல. பெட்டியில ஏன்ப்பா பொய் எழுதியிருக்கே?"

ஹால்வர்சன் அம்மாள் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "எங்க ஆராய்ச்சியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாம எதுவும் கடைக்குப் போகாது, டேரல். இது டைனோசர் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம... அது ஒரு சின்ன..."

"தெரியும்," என்றாள் லோர்னா, நிதானமாக. "இருபது மாசம் முன்னாடி நான் சொன்னேன். பதினாலு பேர் சாட்சி."

ஷானா இப்போது சிரிக்கவில்லை. டேரலின் முகம் சுண்டிப்போனது. ஹால்வர்சன் அம்மாள் பெட்டியைத் திரும்பக் கோபுரத்தில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். டேரல் அவள் பின்னாலேயே வாசல் வரை ஓடினான், கார் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றான். லோர்னாவுக்கு அப்படியொரு இனிப்பு நாக்கில். எலும்பு எலும்பாகக் கழற்றிப் போட்டாயிற்று. அவளும் வாசல் பக்கம் வந்து, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டையை யாரோ இழுத்தார்கள். எம்மெட்.

"அத்தை, அப்பா ஏன் அழறாரு?"

"கண்ணுல தூசி விழுந்திருக்கும்."

பையன் அவளை அண்ணாந்து பார்த்தான். டைனோசர் பற்றிக் கேட்கும்போது பார்க்கிற அதே பார்வை. "நெசமா?"

அவளால் தலையாட்ட முடியவில்லை. இந்த ஒருவனிடம் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

"இல்லடா. அப்பா என்னை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தினான். நானும் அவனை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தணும்னு நெனச்சேன்."

"டிம்மி அட்டைய அதுக்குத்தான் வச்சியா?"

"ஆமா."

"என்னைச் சொல்ல வைக்கவா?"

"ஆமா."

அவன் கோபப்படவில்லை, அழவும் இல்லை. தளத்துக்குப் போய், பொம்மைகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, காகிதத்தைக் கசங்காமல் சுருட்டினான். அட்டைகளை அடுக்கினான். குச்சியைத் தேடி எடுத்தான். எல்லாவற்றையும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

"அப்போ இது உன்னோட பரிசு," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அப்பாவை நோக்கி ஓடினான்.