கீறல் விழுந்த சங்கதி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இசைக் காப்பகத்தில் குரு சிஷ்ய வழிப்படம் வரைவது அவள் வேலை. பெரியவர் என்று ஊரே சொல்லும் மறைந்த பாடகரிடம் படித்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கணக்கு வழக்கில்லை. செத்துப்போன குரு எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டதற்குச் சான்று இருந்தால் முழுக்கோடு. கேள்வி ஞானம் என்றால் புள்ளிக்கோடு. இரண்டும் இல்லையென்றால் படத்தில் இடமே இல்லை.

இந்த முறை மேசைக்கு வந்த பெயர் அவளுடைய அப்பாவினது. அவர் போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. மருந்து போட்டு மரத்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது மாதிரி அவ்வப்போது அவரை நினைத்துப் பார்ப்பாள். ஒன்றும் வலிக்கவில்லை.

தம்பி அப்பாவிடம்தான் பாடக் கற்றவன். பெரியவர் பெயரில் உள்ள இசைப்பள்ளியில் ஆசிரியர் வேலை அவனுக்குக் கிடைக்கும் போல இருந்தது. ஆனால் நேர்வழியில், அதாவது முழுக்கோட்டில், வந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று காப்பகத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தாள். "உங்கப்பாவை உன்னை விட நல்லா யார் சலிச்சு எடுப்பா? நான் பின்னாடி சரிபார்த்துக்கிறேன்" என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

அப்பா சொன்னது இரண்டு வருடப் பாடம். பெரியவர் வீட்டுக் குறிப்பேட்டில் அன்றன்று வந்தவர், நடந்த பாடம் எல்லாம் உண்டு. அந்த இரண்டு வருடத்தில் அப்பா பெயர் இல்லை. ஆனால் நாலு மாதப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. கூட்டப் புகைப்படத்தின் கடைசி வரிசையில் அப்பா நின்றார். அது பொது விழா, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். உயிரோடு இருக்கும் இரண்டு சீடர்களைத் தனித்தனியாக, படத்தைக் காட்டாமல், கூடப் படித்தவர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். இருவர் வாயிலும் அப்பா பெயர் வரவில்லை. ஆனால் இருவருக்கும் மறக்கிற வயது.

மிச்சம் பாட்டுத்தான். சரியான ஸ்வரத்துக்கு யாரும் தானாகவே வந்து சேரலாம். ஒரே பிழை இரண்டு பேரிடம் இருந்தால் அது ஓரிடத்திலிருந்துதான் வந்திருக்கும். ஆகவே அவள் எப்போதும் பிழையைத்தான் தேடுவாள்.

அப்பாவின் பாட்டில் அப்படி ஓரிடம் இருந்தது. அனுபல்லவியில் 'கருணை' என்ற சொல்லை எல்லோரும் கீழே இறக்கி, வளைத்து, மேலே கொண்டுபோவார்கள். அப்பா இறங்கமாட்டார். 'கரு'வில் நிறுத்தி, அரை எண்ணிக்கை மூச்சு வாங்கி, நேரே மேலே 'ணை'யில் போய் விழுவார். சபையே ரசித்து உச்சுக்கொட்டும். "குரு எனக்கு மட்டும் குடுத்தது" என்பார்.

ஏழு சீடர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டாள். அந்த இடம் யாரிடமும் இல்லை. பெரியவரே பாடிய பழைய இசைத்தட்டின் காப்பகப் பிரதியிலும் இல்லை.

"அதான்க்கா! அப்பாவுக்கு மட்டும் சொல்லிக் குடுத்திருக்காரு. வேற என்ன வேணும் உனக்கு?" என்றான் தம்பி. அவன் குரலில் அத்தனை ஆசை. அவளுக்கும் அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது.

கேட்காமல் விட்டது ஒரே ஒரு பிரதி. வீட்டுப் பரணிலிருந்து கிராமபோனையும் அதே தட்டையும் இறக்கினாள்.

"அதையா போடுறே? அது கீறல் விழுந்ததாச்சே" என்றாள் அம்மா.

சாவி கொடுத்து ஊசியை வைத்தாள். பெரியவர் பாடினார். அனுபல்லவி வந்தது. 'கரு' என்றார். ஊசி துள்ளியது. 'ணை' என்று மேலே விழுந்தார். இறங்கி வளையும் இடம் தட்டின் ஒரு சுற்றோடு விட்டுப்போயிருந்தது; அதோடு தாளமும் அரை எண்ணிக்கை குறைந்திருந்தது.

தம்பி குனிந்து தட்டின் கீறலைப் பார்த்தான்.

"பெரியவர் வீட்டு வாசல் வரைக்கும் மூணு நாள் போனாருடி. கதவைத் தட்டலை. நாலாம் நாள் இந்தத் தட்டை வாங்கிட்டு வந்தாரு" என்றாள் அம்மா, அன்றைக்குத் தண்ணீர் வராததைச் சொல்லும் குரலில்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் அவள்.

"எப்ப சொல்றது? அதுக்குள்ள ஊரே கை தட்டிருச்சு."

தம்பி கீழே உட்கார்ந்தான். "அக்கா, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

அவள் ஊசியைத் திரும்ப முன்னால் வைத்தாள். இந்த முறை தொடையில் தாளம் போட்டாள். ஊசி துள்ளியதும் கை தடுமாறியது. தட்டில் மூச்சு இல்லை. வெட்டு மட்டும்தான். தாளம் முடமாகாமல் இருக்க அந்த அரை எண்ணிக்கையை யாரோ மூச்சால் இட்டு நிரப்பியிருக்க வேண்டும். அது குருவும் இல்லை, தட்டும் இல்லை.

மறுநாள் பெரியவர் பெயரிலிருந்து அப்பாவுக்குப் புள்ளிக்கோடு போட்டாள். மூலம் என்ற இடத்தில் 'வீட்டு இசைத்தட்டு, கீறலுடன்' என்று எழுதினாள். அப்பாவிலிருந்து தம்பிக்கு முழுக்கோடு. தம்பிக்கு அந்த வேலை போய்விட்டது. அவன் போனை எடுப்பதில்லை.

சரிபார்த்த தலைவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "கருணையில் அரை எண்ணிக்கை மூச்சு. குரு என்ற இடத்தில் யாருமில்லைன்னு எழுதியிருக்கே. அப்ப இது யார்கிட்டேர்ந்து வந்தது?"

"அப்பாகிட்டேர்ந்து" என்றாள். அழுகை வந்துவிட்டது. அப்பா போய் அறுபத்து மூன்றாவது நாள் அது.