இரவு ஷிப்டின் நியாயம்

தாய்லாந்து என்ற பெயரைக் கேட்டாலே ஜெயகிருஷ்ணனுக்கு வயிறு எரியும். மறைமலை நகரில் அவருடைய தொழிற்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கான பிரேக் ஷூ தயாராகிறது. தாய்லாந்துக்காரன் ஒருவன் அதே சாமானைத் தன் ஊரில் விற்கும் விலைக்கும் குறைவாக இங்கே கொண்டுவந்து கொட்டுகிறான். அப்படிக் கொட்டுவதைத் தடுக்க அரசு போடும் கூடுதல் வரிதான் ஆன்ட்டி டம்பிங் டூட்டி. இன்னும் வராத அந்த வரியை நம்பி மனிதர் வங்கியில் கடன் வாங்கி இரண்டாவது ஷெட்டே கட்டிவிட்டார். வரி வந்தால் ஷெட் நிலைக்கும். வராவிட்டால் அதோகதிதான்.

டெல்லிக்குப் போன மனு நாற்பது பக்கம். அதில் பாதி கண்ணீர். 'அடக்க விலைக்கும் கீழே விற்று எங்களை ஒழித்துவிட்டு, களம் காலியானதும் விலையை ஏற்றப் பார்க்கிறார்கள். இது வியாபாரமல்ல, கொள்ளை' என்று எழுதியிருந்தார். வரி வந்த மறுநாளே தாமும் இருபது ரூபாய் ஏற்றுவதென்று புது விலைப்பட்டியலை அச்சடித்துத் தயாராக வைத்திருந்தார். அது கொள்ளையில் சேராது, வளர்ச்சியில் சேரும்.

மனுவைச் சரிபார்க்க டெல்லியிலிருந்து ஸ்ரீநிவாசன் என்ற அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன்பே கம்பெனியின் காஸ்ட் அக்கவுன்டன்ட் பிளஸ்ஸி முதலாளியை எச்சரித்தாள்.

"சார், பிரேசில் ஏற்றுமதியைப் பத்தி நீங்களா பேச்செடுக்காதீங்க. மனுக் கணக்குல சம்பளம், வட்டி, வாடகை எல்லாத்தையும் உள்ளூர் சரக்கு தலையிலயே கட்டியிருக்கோம். வேணாம்னு அப்பவே சொன்னேன்."

"நான் இன்னா பச்சப் புள்ளையா? வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

ஆனால் யார் வந்தாலும் ஏற்றுமதி மூலைக்கு அழைத்துப்போய்ப் பெருமையடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சுவரில் உலகப் படம், பிரேசில்மீது சிவப்பு ஊசி, கீழே போர்த்துகீசிய எழுத்துப் போட்ட பெட்டிகள். கால் தானாக அங்கே போனது. அதிகாரியும் கூடவே போனார்.

"இங்கே நூறு ரூபாய்க்கு விக்கிறீங்க. அங்கே என்ன விலை?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசன்.

"எழுபத்தி நாலு சார். அவங்க ஊர்க்காரன் எவனாலயும் கிட்ட வர முடியல."

"எப்படிக் கட்டுப்படியாகுது?"

பிளஸ்ஸி இருமினாள். முதலாளி காதில் விழவில்லை.

"ராத்திரி மெஷின் சும்மா கிடக்கும் சார். இரும்பு, லைனிங், கரண்ட், ராத்திரிக் கூலி எல்லாம் சேர்த்து எழுபதுதான். மேல நாலு ரூபா வந்தாலும் லாபம்தானே. இதுல யாரையும் ஒழிக்கிற எண்ணம் கிடையாது. சாதாரணப் போட்டி."

"தாய்லாந்துக்காரர் மெஷினும் ராத்திரி சும்மா கிடக்குமோ என்னமோ."

"அது வேற சார். அவன் கெட்ட எண்ணத்தோட பண்றான்."

"எண்ணத்தை நான் கேட்கறதே இல்லை. அவங்க ஊர் விலையைவிடக் குறைச்சு இங்கே விக்கிறாரா? விக்கிறார். அதுவரைக்கும் உங்க மனு சரி. உங்களுக்குச் சேதம் ஆச்சா, அது அவராலதான் ஆச்சா, அதுதான் பாக்கி." ஸ்ரீநிவாசன் பிளஸ்ஸியின் பக்கம் திரும்பினார். "அதே மெஷின், அதே ஷெட். பொதுச் செலவை ஏற்றுமதிக்கும் பங்கு போட்டா உள்ளூர் அடக்கம் என்னம்மா வரும்?"

மனுவில் நூற்றுப் பத்து என்று இருந்தது. நூறுக்கு விற்றுப் பத்து நஷ்டம் என்பதுதான் அந்தக் கண்ணீரின் ஆதாரமே. பிளஸ்ஸிக்குப் பொய் சொல்ல வரவில்லை, வந்தாலும் இனிப் பயனில்லை.

"தொண்ணூத்தி நாலு சார்."

"அப்போ உங்களுக்கு ஆறு ரூபாய் லாபம். விற்பனையும் குறையலை. அடிபட்டவர் எங்கே?"

வெட்கம் வரவேண்டிய இடத்தில் ஜெயகிருஷ்ணனுக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் பிளஸ்ஸிமீது.

சில மாதம் கழித்து முடிவு வந்தது: குறைவிலை இறக்குமதி உண்மை, சேதம் நிரூபணமாகவில்லை, வரி கிடையாது. அதே சமயம் பிரேசில்காரர்கள் தங்கள் ஊரில் இவர்மேல் மனுப் போட்டு ஜெயித்தார்கள். நூறுக்கும் எழுபத்து நான்குக்கும் உள்ள வித்தியாசமும், மூடிக்கிடந்த அவர்களுடைய இரண்டு ஆலைகளும் அங்கே போதுமானதாக இருந்தன. இவருடைய நல்ல எண்ணத்தை அவர்களும் விசாரிக்கவில்லை. இரவு ஷிப்ட் நின்றது.

புது ஷெட்டை வாடகைக்குக் கேட்டு ஒரே ஒருவர்தான் வந்தார், சரக்கு அடுக்கிவைக்க இடம் தேடி. தாய்லாந்து பிரேக் ஷூவை இறக்குமதி செய்கிறவர். அவர் தருவதாகச் சொன்ன வாடகை கடன் தவணையில் பாதிகூடத் தேறாது.

"வேணாம்னு சொல்லிடவா சார்?" என்றாள் பிளஸ்ஸி.

ஜெயகிருஷ்ணன் காலி ஷெட்டைப் பார்த்தார்.

"சும்மா கிடக்கிறதுக்கு வந்த வரைக்கும் லாபம்தானேம்மா. சாவியைக் குடுத்துடு."