ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பெட்டிகள்

நானும் கனிமொழியும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வகை இயர்பட்ஸ் வாங்கினோம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடை. கறுப்பு நிறம் தீர்ந்துவிட்டதால் இரண்டு பேருக்கும் வெள்ளை. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு பேரும் நர்ஸ். பகலில் ஒரே தனியார் மருத்துவமனையில் வேலை, மாலையில் ஜெர்மன் வகுப்பு. அங்கே தேர்வானால் ஜெர்மனியில் வேலை. வகுப்பை நடத்துகிறவர் செந்தில்குமார் சார். கேட்டல் தேர்வில் தேறினால்தான் நேர்முகத்துக்கே அழைப்பார்கள். தேறாதவர்கள் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். எனக்கு அடுத்த வருடம் கிடையாது. "இந்த ஒரு தடவை எழுதும்மா, கிடைச்சா போ. இல்லேன்னா அம்மாபேட்டை பையன் வீட்டுக்கு வார்த்தை குடுத்துடுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். நடவு முடியட்டும் என்று பையன் வீட்டாரிடம் சாக்குச் சொல்லிப் பொறுத்திருந்தார். அதுவே எனக்காகத்தான்.

தேர்வு வகுப்பறையிலேயே நடந்தது. அவரவர் போன், அவரவர் இயர்பட்ஸ். எல்லோருக்கும் ஒரே ஒலிப்பதிவு, ஒரே ஒரு முறைதான் ஓடும். போனில் தேர்வுப் பக்கத்தை விட்டு வெளியே போனால் தேர்வு முடிந்துவிடும். ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது. வந்தவுடன் எல்லோரும் சத்தம் வருகிறதா என்று சோதித்துக்கொண்டோம். எனக்கு நன்றாகவே கேட்டது. பிறகு கரண்ட் போனது. திரும்பி வந்ததும், காத்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று எங்கள் இரண்டு பெட்டிகளையும் ஒரே சுவிட்ச் பலகையில் செருகினோம்.

முதல் குழுவில் நான். கனிமொழி இரண்டாம் குழு. இரண்டாம் குழுவினர் போனை அணைத்து ஒரு தட்டில் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். பெயர் கூப்பிட்டதும் அவசரத்தில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிச்சமிருந்ததை அவள் எடுத்துக்கொண்டாள்.

வெளியே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவை விட்டு நகராமல் கத்திக்கொண்டிருந்தது. கனிமொழி பெட்டியைத் திறந்து இயர்பட்ஸை மாட்டிக்கொள்வதைத் திரும்பிப் பார்த்தேன். சத்தத்துக்காக அடைத்துக்கொள்கிறாள் போல என்று நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருப்பார், தடுக்கவில்லை. நானும் மாட்டினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு பெண்குரல் "கனெக்டட்" என்று சொல்லும். அன்று சொல்லவில்லை. போனைப் பார்த்தேன். மேலே, என் இயர்பட்ஸின் பெயர், 'கனெக்டட்'. அது போதும் என்று நினைத்தேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினேன். ஒலிப்பதிவின் கோடு நகர ஆரம்பித்தது. காதில் ஒன்றுமில்லை.

சத்தத்தைக் கூட்டினேன். முழுவதும் கூட்டினேன். ஒன்றுமில்லை. கையைத் தூக்கினேன்.

"சார், சத்தம் வரல."

அவர் குனிந்து பார்த்தார். "கனெக்டட்னு காட்டுதே."

"காட்டுது சார். ஆனா கேக்கல."

"வால்யூம்?"

"ஃபுல்லா வெச்சிருக்கேன்."

"வெளில மட்டும் போயிடாத, க்ளோஸ் ஆயிடும். காதுல சரியா வை."

கழற்றினேன், மாட்டினேன். கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த வரிசையில் இருந்த இளையபெருமாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடு கடைசியைத் தொட்டது. கேள்விகள் வந்தன. தெரிந்த மாதிரி எதையோ தொட்டு அனுப்பினேன்.

வெளியே மாடிப்படியில் வந்து நின்றேன். இரண்டாம் குழுவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. கனிமொழி ஓடி வந்தாள்.

"சுடர், பெட்டி மாறிடுச்சுடி. இது உன்னோடது. என்னோடதைக் குடு."

கொடுத்தேன். அவள் போய்விட்டாள். அழுகையை அடக்குவதில் இருந்த எனக்கு அந்த நேரம் வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எந்தத் தவறும் முதலில் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது என் வழக்கம். அதனால் மறுபடியும் அடுக்கினேன். என் போன் என் இயர்பட்ஸோடு இணைந்திருந்தது. அது பொய் சொல்லவில்லை. ஆனால் என் இயர்பட்ஸ் இருந்தது கனிமொழியின் காதில். என் காதில் இருந்தது அவளுடையது. அவள் போன் அணைந்து கிடந்ததால் அது எதனோடும் சேரவில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கடைக்காரர் கொடுத்த பெயர். நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, அவள் காதில்தான் கூடியிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. பெட்டி மாறியது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் வந்து சொன்னபோது அவள் போன் அணைந்து தட்டில்தான் கிடந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரு கீறல்கூடக் கிடையாது.

தேர்வு முடிந்து அவள் இறங்கி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"எப்படிடி எழுதின?" என்றேன்.

"பரவால்ல."

"ரெண்டு தடவை கேட்டா பரவால்லாமதான் இருக்கும்."

அவள் நின்றுவிட்டாள். "என்னடி சொல்ற?"

"பெட்டி மாறினது எப்படித் தெரிஞ்சுது, கனி?"

மேலே யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "முதல்ல என்னன்னே புரியல. திடீர்னு ஜெர்மன்ல ஒருத்தர் பேசுறாரு. புரியுறப்ப பாதி போயிடுச்சு. நான் எழுந்து சொன்னா ரெண்டு பேரும் காப்பியடிச்சோம்னு சார் வெளில அனுப்பிடுவாரு."

"கழட்டியிருக்கலாம்ல."

"கழட்டியிருக்கலாம்." தரையைப் பார்த்தாள். "கழட்டல."

"எனக்கு அடுத்த வருஷம் கிடையாதுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு மட்டும் இருக்கா? உனக்கு மாப்பிள்ளையாவது காத்திருக்கான். எனக்கு என்ன இருக்கு? நீயா இருந்தா கழட்டியிருப்பியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுடி."

கழற்றியிருப்பேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை உடனே வரவில்லை. அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். அதுதான் இன்றுவரை எனக்கு எரிகிறது.

செந்தில்குமார் சாரிடம் போனேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் கனிமொழியைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"இல்ல சார். வெளில சத்தமா இருந்துச்சுன்னு சும்மா மாட்டியிருந்தேன்."

"பெட்டி மாறினது எப்படி சார் அவளுக்குத் தெரியும்?" என்றேன்.

"எடுக்கும்போதே சந்தேகமா இருந்துச்சு சார்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுடர்விழி, கனெக்டட்னு என் கண்ணால பாத்தேன். மேல இருக்கிறவங்களுக்கு நான் என்னன்னு எழுதுறது? பக்கத்துல இருக்கிற ஒரு பொண்ணு பேரைக் கெடுக்காத. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பழைய பஸ் ஸ்டாண்டில் அம்மாபேட்டை வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். இயர்பட்ஸை மாட்டினேன். 'டிங்'. பிறகு அந்தப் பெண்குரல்: "கனெக்டட்." போனின் திரையில் தேர்வறையில் பார்த்த அதே எழுத்துதான் இருந்தது, ஒரு புள்ளிகூட மாறாமல்.

ப்ளூடூத் அமைப்புக்குப் போய், கடைக்காரர் வைத்த பெயரை அழித்துவிட்டு 'சுடர்விழி' என்று எழுதிச் சேமித்தேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

அப்போது அப்பா கூப்பிட்டார்.

"தேர்வு எப்படிம்மா? பையன் வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றோம்னு சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

பஸ் இரைச்சலுக்கு நடுவிலும் இரண்டு காதிலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"வரச் சொல்லுங்கப்பா," என்றேன்.