அறிகுறிக்குப் பிறகு

தாதியர் பயிற்சி வகுப்பின் திரையில் ஒரு நோயாளியின் விவரம் தெரிந்தது. இன்சுலின் போடுபவர், காலையில் சாப்பிடவில்லை, வியர்வை, கைநடுக்கம், குழப்பம்.

“முதல் என்ன செய்வீர்?” என்று நிமலினி மிஸ் என்னைக் கேட்டார்.

“சாப்பாடு குடுப்பன்.”

“ஒண்டையும் சோதிக்காமலோ? அறிகுறிக்குப் பிறகு என்ன வரும்?”

இதெல்லாம் ஒரு கேள்வியா? திரையில் அடுத்த வரியைத் தேடினேன். வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. மதிப்பீடு முதலா, பராமரிப்பு முதலா? நேற்றுத் தெரிந்தது இன்று எங்கே போயிற்று?

பக்கத்திலிருந்த தயாளினி என் கையைத் தொட்டாள். “என்னடி, இப்பிடி வேர்த்துக் குளிர்ந்து கிடக்கு?”

“விடடி! எனக்கு ஒண்டுமில்லை!” என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மிஸ் ஓடிவந்து என் விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்த்தார். எழுபதுக்கு மேல் இருக்க வேண்டியது ஐம்பத்திரண்டில் நின்றது.

“விழுங்க ஏலுமோ?”

“ஓம்.”

குளுக்கோஸ் கரைத்துத் தந்தார். கால் மணிநேரம் கழித்து மறுபடி குத்தினார். சீனி ஏறியிருந்தது.

“கந்தசஷ்டி விரதம், மிஸ். ஆனா இன்சுலினை வழமைபோலப் போட்டிட்டன்.”

இப்போது திரை தெளிவாகத் தெரிந்தது. நான் வாசிக்காமல் விட்ட கடைசி அறிகுறி அங்கே இருந்தது: ‘தனக்கு ஒன்றுமில்லை என்று எரிந்து விழுகிறார்.’