கொடைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பட்டை

1996-இல் அம்பாசமுத்திரமே காதைப் பொத்திக்கொண்டு டிவி விளம்பரம் கேட்டது. அதைச் சொல்லி ஊர் சிரித்த சிரிப்பில் பாபநாசம் அணையில் அரையடி தண்ணீர் தளும்பியது. நான் பார்த்தேன்.

அப்போது உள்ளூர் கேபிளில் கேமரா பிடித்தேன். கம்ப்யூட்டரில் எழுத்து ஓட்டுபவள் வேணி. அவள் அண்ணன் நடராஜ் தையல்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். வீட்டில் எல்லாரும் செய்தி பார்த்துச் சிரிக்கும்போது "என்ன?" என்று கையைக் காட்டுவார். "அப்புறம் சொல்லுதேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அதனால் எங்கள் சேனலில் பேசுவதையெல்லாம் வேணி திரையின் அடியில் எழுத்தாகப் போட ஆரம்பித்தாள்.

முதல் வாரம் வெள்ளை எழுத்து. எங்கள் ஊர்க் கூட்டத்தில் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி. எழுத்து வேட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. மறுவாரம் கறுப்புப் பட்டை கட்டி, அதன்மேல் மஞ்சள் எழுத்துப் போட்டாள்.

ஜவுளிக்கடை நூர்முகம்மது அண்ணாச்சிக்கு அது ஆகவில்லை. கடையை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாற்றுகிறார். மறுநாள் திறப்பு. அதற்கான விளம்பரத்தைப் பார்க்க வந்திருந்தார்.

"சேலைய மறைக்கில்லா? பட்டைய எடு. பச்சையில செவப்பெழுத்து போடு. டிவியப் போயி எவன் படிப்பான்?"

வேணி அப்படியே போட்டுக் காட்டினாள். பிறகு டிவியில் கலர் குமிழைப் பைய முழுக்கக் குறைத்தாள். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகி எழுத்தே காணவில்லை.

"உங்க வீட்டுல என்ன டிவி அண்ணாச்சி?"

"கறுப்பு வெள்ளதான்... அதுக்கு?" தொண்டையைச் செருமினார். "சரி, இன்னைக்கு ஒரு நாள் உன் பட்டை ஓடட்டும். நாளைக்குக் கடைக்கு ஆளு வரலேன்னா, பட்டை இனி கிடையாது. கேபிள் முதலாளிட்ட நானே சொல்லிருதேன்."

வேணி கலர் குமிழைத் திருப்பிவிட்டு, பட்டையை மறுபடி போட்டாள்.

அன்றைக்குப் பார்த்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி. அது கத்திய கத்தலில் எங்கள் தெருவில் இரண்டு தேங்காய் தானாக உடைந்தது. விளம்பரத்தில் ஆள் வாயசைத்தது தெரிந்தது. குரல் போன இடம் தெரியவில்லை.

"முடிஞ்சுதுலே" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

காலையில் பஸ் ஸ்டாண்டை பஸ்ஸாலேயே நெருங்க முடியவில்லை. அவ்வளவு கூட்டம். முன்னால் நின்றவர் நடராஜ். கூடவே காது கேளாத கூட்டாளிகள். பின்னால், காது நன்றாகவே கேட்கிற ஊர்.

அண்ணாச்சி சீவலப்பேரி ஆள் ஒருவரை மடக்கினார். கொடைக்கு மச்சினன் வீட்டுக்கு வந்தவராம்.

"ஒலிபெருக்கிச் சத்தத்துல விளம்பரம் எப்படிவே கேட்டீரு?"

"எவன் கேட்டான்? படிச்சோம். மஞ்சளா, பளிச்சுனு இருந்துச்சுல்லா. கட மாறுன எடமும் அதுலதான போட்டிருந்துச்சு."

நடராஜ் அண்ணாச்சியைப் பார்த்து "என்ன?" என்று கையைக் காட்டினார். அண்ணாச்சி "அப்புறம்" என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தினார். துணியில் குறி போடும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் துணியில் பெரிதாக எழுதினார்:

"படிச்சிருக்கானுவ. நெசந்தான்."