ஆகவே சாரின் மூன்றாம் வரி

இரண்டு வருடமாக டீச்சர் கறுவிக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால் "அதெல்லாம் மறந்தாச்சு" என்பாள். சும்மா. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

அது மறுமதிப்பீட்டு அலுவலகம். மார்க் போதவில்லை என்று விண்ணப்பிக்கும் மாணவர்களின் கணக்கு விடைகள் அங்கே படமாக வரும். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துச் சலுகை காட்டிவிடக் கூடாதே, அதனால் டைப் அக்கா அதை வரிவரியாகத் தட்டச்சு செய்வாள். அன்று மாலையே படத்தை அழித்துவிடுவார்கள். பன்னிரண்டு திருத்துநர்களுக்கும் கிடைப்பது வெறும் வரிகள்தான். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, முதலில் தப்பு நுழைந்த வரியின் எண்ணைப் பதிந்து, அதற்கேற்ப மார்க் போட வேண்டும். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்ததால் அவளுக்கு டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளிடம் ஒரு தாள் வந்தது.

3x − 7 = x + 9
2x = 61
x = 8

இரண்டாம் வரியில் 61. ஆனால் மேல் வரியிலிருந்து வர வேண்டியது 16. கீழே இருக்கும் 8-உம் 16-லிருந்துதான் வரும். 61-ஐப் பாதியாக்கி எந்தப் பிள்ளையும் 8 என்று எழுதாது. தட்டச்சில் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று குறிப்பெழுதி முழு மார்க் போட்டாள். மறுநாள் தலைமைத் திருத்துநர் கூடத்தின் நடுவில் அவளை எழுப்பி நிற்க வைத்தார்.

"இது திருத்துற இடம்மா. தர்மசத்திரம் இல்ல. படத்துல 16-தான் இருந்துச்சுன்னு உங்க கனவுல வந்து சொன்னாங்களா?"

"அடுத்த வரியைப் பாருங்க சார், அதுவே சொல்லுதே."

"வரியில இருக்கிறதுதான் விடை. உங்களுக்கு வேண்டப்பட்ட பிள்ளையோ என்னவோ."

பதினொரு பேர் சிரித்தார்கள். படம் இல்லை, எதைக் காட்டி வாதாடுவது? முதுநிலைத் திருத்துநராக இருந்தவளைக் கீழே இறக்கினார்கள். அந்தப் பிள்ளைக்கு நான்கு மார்க் போனது. கையோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது: படத்தில் என்ன இருந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கக் கூடாது, தட்டச்சான வரியே இறுதி. கீழே அவருடைய கையொப்பம், வால் நீண்டு, அகம்பாவமாக. காசு வாங்கிக்கொண்டு மார்க் போட்டாள் என்று அதற்குப் பிறகு யார் யாரோ பேசினார்கள். சுற்றறிக்கையையும் அந்தத் தாளையும் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

தலைமைத் திருத்துநருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஆகவே சார். எந்தக் கணக்கு எழுதினாலும் வரிக்கு வரி 'ஆகவே' போடுவார். மாதம் ஒரு முறை திருத்துநர்களைச் சோதிக்க, வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்து ஒரு தாளைத் தன் கையால் எழுதி மற்ற தாள்களோடு கலந்துவிடுவார். அதுவும் தட்டச்சாகி, படம் அழிந்து, பன்னிரண்டு பேருக்கும் போகும். ரகசியமாம்! 'ஆகவே'யைக் கண்டதும் எல்லோரும் கடைசி வரிக்கு ஓடிவிடுவார்கள், ஏனென்றால் மனிதர் தப்பை எப்போதும் கடைசியில்தான் வைப்பார். டீச்சர் மட்டும் ஓடமாட்டாள். இரண்டு வருடமும் அவருடைய தாளை முதல் வரியிலிருந்து, சல்லடை போட்டு அரித்த மாதிரி படித்து வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த கணக்கு இது. ஒரு செவ்வகத்தின் அகலம் நீளத்தைவிட 5 மீட்டர் குறைவு, பரப்பு 24 சதுர மீட்டர், சுற்றளவு என்ன?

1. நீளம் x எனில், x(x − 5) = 24
2. ஆகவே x² − 5x − 24 = 0
3. ஆகவே (x − 8)(x − 3) = 0
4. ஆகவே x = 8 அல்லது x = −3
5. நீளம் எதிர்க்குறியாக இராது. ஆகவே x = 8
6. ஆகவே அகலம் = 8 − 5 = 3
7. ஆகவே சுற்றளவு = 2 × 8 + 3 = 19

ஏழாம் வரிதான் அவர் வைத்த பொறி. அடைப்புக்குறி போட்டு 2(8 + 3) என்று எழுதினால் 22 வரும். சரி. ஆனால் மூன்றாம் வரி? டீச்சர் பெருக்கிப் பார்த்தாள். (x − 8)(x − 3) என்றால் x² − 11x + 24 வரும். மேல் வரியோடு ஒட்டவில்லை. அதிலிருந்து கிடைப்பது 8-உம் 3-உம். நான்காம் வரியிலோ −3. கீழ் வரியோடும் ஒட்டவில்லை. அங்கே (x + 3) என்று போட்டால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியது. டைப் அக்கா கூட்டலைக் கழித்தலாக அடித்துவிட்டாள், அவ்வளவுதான். ஆகவே சார் மேல் குற்றமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் டீச்சர் மேலும்தான் குற்றம் இருக்கவில்லை.

மகராசன், வசமாக மாட்டினான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு 3 என்று பதிந்தாள். இனித்தது.

திங்கட்கிழமை காலை கூடத்தில் ஆகவே சார் முடிவைப் படித்தார். மேலாளர் அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பதினொரு பேர் ஏழுன்னு சரியா போட்டிருக்காங்க. நம்ம டீச்சர் மட்டும் மூணு. எந்திரிங்கம்மா. எழுதினவனே நான்தான். மூணுல என்ன தப்பைக் கண்டீங்க?"

"படிச்சுப் பாருங்க சார்."

படித்தார். முகம் சுருங்கியது.

"இது… டைப் பண்ணதுல விழுந்த பிழை. நான் கூட்டல்தான் போட்டேன்."

"படம் இருக்கா சார்?"

"படம் எதுக்கு? நாலாவது வரியில மைனஸ் மூணு இருக்குல்ல? மேல மைனஸ் இருபத்துநாலு இருக்குல்ல? நடுவுல கூட்டல்தான் வர முடியும். கொஞ்சம் கணக்குத் தெரிஞ்சவங்களுக்குக்கூட இது புரியும்."

"அப்போ மேல் வரியையும் கீழ் வரியையும் வெச்சே நடு வரியில விழுந்த பிழையைக் கண்டுபிடிச்சுடலாம்?"

"தாராளமா."

டீச்சர் கைப்பையைத் திறந்து இரண்டு காகிதங்களை மேலாளர் அம்மா முன்னால் விரித்தாள். "இந்தச் சுற்றறிக்கைப்படி நான் போட்ட மூணுதான் சரி. ஏழு போட்ட பதினொரு பேரும் தப்பு, ஏழுதான் சரின்ன சாரும் தப்பு. இல்ல, சார் இப்போ சொன்னதுதான் சரின்னா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னதும் சரி. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மேலாளர் அம்மா பழைய தாளின் மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "இது பதினாறுதானே?" என்று ஆகவே சாரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூலையிலிருந்து டைப் அக்கா அழாக்குறையாக எழுந்தாள். "ரெண்டும் நான் அடிச்சதுதான்மா."

"நீங்க உக்காருங்கக்கா. ஒரு நாளைக்கு முந்நூறு தாள் அடிச்சா யாருக்கும் விரல் தவறும்" என்றாள் டீச்சர்.

"உங்களைப் பழையபடி முதுநிலைக்கு எடுத்துடறேன்" என்றாள் மேலாளர் அம்மா. "அந்தச் சுற்றறிக்கையும் ரத்து. சார், நீங்க அப்புறம் என் ரூமுக்கு வந்து இவங்ககிட்ட ஒரு வார்த்தை—"

"ரூம்ல வேண்டாம்மா. என்னை இங்கேதான் நிக்க வெச்சாரு."

ஆகவே சார் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுங்கம்மா. நான் ரிட்டயர் ஆக இன்னும் நாலே மாசம்தான் இருக்கு."

"எனக்காகன்னா விட்டுடலாம் சார். அந்தப் பிள்ளை நாலு மார்க் குறைஞ்சு எந்தப் படிப்பு கிடைக்காம எங்கே போய் நிக்குதோ, யாருக்குத் தெரியும்? அதோட பேர்கூட நமக்குத் தெரியாது. சத்தமா சொல்லுங்க."

அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். அன்று சிரித்த பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு டீச்சர் போட்ட மார்க்தான் சரி" என்றார். "நான்தான் தப்பு."

"கடைசி வரிசைக்குக் கேக்கல சார்" என்றாள் டீச்சர்.

அவர் மறுபடியும் சொன்னார்.